ஒன்பது வரிகளை மூன்று படிகளாக்குவது: ‘எப்படி ஆர்டர் செய்வது’ பகுதிக்கு ஓர் எளிய விளக்கம்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் பத்துத் தையல் மெஷின்களோடு இயங்கும் சிறிய யூனிட்டுகள்கூட இன்று சொந்தமாக இணையதளம் வைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ‘நாங்கள் எவ்வாறு செயல்படுகிறோம்’ என்று ஒரு பகுதி இருக்கும். அது நீளமாக இருக்கிறது என்று எவராவது சொன்னவுடன், ‘மூணு ஸ்டெப்பாகச் சுருக்கிவிடுங்கள்’ என்ற பேச்சு எழும். சுருக்குவது என்றால் சொற்களைக் குறைப்பது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் ஒன்பது வரிகளாக இருந்தது, ‘தேர்ந்தெடுங்கள், ஆர்டர் செய்யுங்கள், மகிழுங்கள்’ என்று மூன்று சொற்களாகிவிடுகிறது. இப்போது அது குட்டையாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முதல் முறை வந்தவர் அதைப் படித்துவிட்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டாரா என்றால், இல்லை. அந்த மூன்று சொற்களை ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு பம்ப்செட் கடைக்கும் அப்படியே ஒட்டவைக்கலாம்.

மூன்று படிகள் என்பது எங்கிருந்து பிறக்க வேண்டும், அதை எழுதுவது எப்படி, எழுதியது சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைத் திருப்பூரின் பனியன் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

## வழி கேட்பவருக்கு எது தேவை

கோவை ரயில் நிலைய வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர், ‘பழனிக்கு எப்படிப் போவதுங்க?’ என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்தவர் சொல்லும் பதில், ‘டவுன் பஸ்ஸில் உக்கடம் போங்க, அங்கே பழனி பஸ் நிற்கும், ஏறினால் பழனி பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடுவாங்க’ என்ற அளவில் முடிந்துவிடும். அந்தப் பேருந்து கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் என்று ஊர் ஊராகத்தான் போகிறது. அந்த ஊர்களை அறிந்து வண்டி ஓட்ட வேண்டியவர் ஓட்டுநர். பயணிக்கு வேண்டியது எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்ற விவரம் மட்டுமே.

நிறுவனங்கள் எழுதும் ‘எவ்வாறு செயல்படுகிறோம்’ பகுதியில் பெரும்பாலும் ஓட்டுநரின் பட்டியலே இருக்கிறது. எழுதுபவர் தம் யூனிட்டில் வேலை நடக்கும் வரிசையை நன்றாக அறிந்தவர் என்பதால், அந்த வரிசையையே எழுதிவிடுகிறார். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மைதான் என்றாலும், கேட்டவர் கேட்டது அதுவல்ல.

## மூன்று என்ற எண் எதற்காக

‘மனித மூளையால் மூன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்’ என்று சிலர் காரணம் சொல்வதுண்டு. இது தளர்வான பேச்சு. நினைவில் ஒரே நேரத்தில் எத்தனை செய்திகள் தங்கும் என்பதைப் பற்றி 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதிய கட்டுரையில் ஏழு என்ற எண் புகழ்பெற்றது. 2001-இல் நெல்சன் கோவன் அதை ஏறத்தாழ நான்கு என்று குறைத்தார். ஆனால் இங்கே அந்தக் கணக்கே பொருந்தாது. ஏனெனில் படிகள் கண்ணெதிரே எழுதப்பட்டிருக்கின்றன. வந்தவர் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

உண்மையான காரணம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. இணையத்தில் மக்கள் படிக்கும் விதத்தை ஆராய்ந்த யாகோப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர் சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கம் ஒன்றை எப்போதுமே நோட்டமிட்டார்கள். சொல் விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம் பேர்தான். நோட்டமிடுதல் என்பது, தலைப்புகள், எண்கள், வரிகளின் தொடக்கச் சொற்கள் ஆகியவற்றில் மட்டும் கண்ணை வைத்து, தனக்கு வேண்டியது இருக்கிறதா என்று தேடிக்கொண்டே கீழே இறங்குவது. அப்படி இறங்கும் கண்ணுக்கு, மூன்று தலைப்புகளும் அவற்றின் கீழ் ஓரிரு வரிகளும் கைபேசியின் ஒரே திரையில் அடங்கிவிடும். ஒன்பது படிகள் அடங்குவதில்லை. அவற்றைப் பார்க்க விரலால் இரண்டு மூன்று முறை தள்ள வேண்டும், தள்ளுவதற்குள் பாதிப் பேர் ‘இது பெரிய வேலை போல’ என்று எண்ணிவிடக்கூடும்.

ஆகவே மூன்று என்பது ஒரு பார்வைக்குள் அடங்கும் அளவு. எந்த மூன்று என்பதை அந்த எண் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது அடுத்துச் சொல்லப்போகும் செய்தி.

## கைமாற்றம்: படியைக் கண்டுபிடிக்கும் இடம்

ஓர் ஆர்டர் தொடங்கி முடியும் வரை, பொறுப்பு வாடிக்கையாளரிடமிருந்து நிறுவனத்துக்கும் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளருக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். அப்படி மாறும் இடத்தை இக்கட்டுரையில் கைமாற்றம் என்று அழைப்போம். வாடிக்கையாளர் எதையாவது அனுப்புகிறார், முடிவு சொல்கிறார், பணம் தருகிறார், பொருளை வாங்கிக்கொள்கிறார் என்றால் அது கைமாற்றம். நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு வேலை நகர்ந்தால் அது கைமாற்றம் ஆகாது, அந்த வேலை எவ்வளவு கடினமாக இருந்தாலும் சரி.

இதை ஒரு யூனிட்டில் பொருத்திப் பார்ப்போம். கல்லூரி விழா, கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி, நிறுவன ஆண்டு விழா போன்றவற்றுக்கு லோகோ அச்சிட்ட டி-ஷர்ட் தைத்துத் தரும் ஒரு திருப்பூர் யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய பகுதி இப்படி இருக்கிறது:

1. தங்கள் விசாரணையைப் பெற்றுத் தேவைகளை ஆராய்தல்
2. துணி வகை மற்றும் ஜிஎஸ்எம் நிர்ணயித்தல்
3. கலர் மேட்சிங்
4. கொட்டேஷன் அனுப்புதல்
5. சாம்பிள் தயாரித்து ஒப்புதல் பெறுதல்
6. முன்பணம் பெற்று ஆர்டரை உறுதி செய்தல்
7. கட்டிங், பிரிண்டிங், ஸ்டிச்சிங்
8. செக்கிங், அயர்னிங், பேக்கிங்
9. டெஸ்பாட்ச்

இந்த ஒன்பது வரிகளிலும் வேலை செய்பவர் யூனிட்தான். ‘பெறுதல்’, ‘நிர்ணயித்தல்’, ‘அனுப்புதல்’ என எல்லாச் சொற்களும் யூனிட்டின் கையையே காட்டுகின்றன. இப்போது ஒவ்வொரு வரியின் எதிரேயும், ‘இந்த நேரத்தில் வாடிக்கையாளர் என்ன செய்துகொண்டிருப்பார்?’ என்ற கேள்விக்கு விடை எழுதுங்கள். மூன்றாவது, ஏழாவது, எட்டாவது வரிகளுக்கு விடை ‘ஒன்றும் செய்யவில்லை, காத்திருக்கிறார்’ என்பதே. அவை உடனே நீங்கிவிடும். மீதி வரிகளைத் திருப்பிப் பார்த்தால், அவர் டிசைனையும் எண்ணிக்கையையும் அனுப்புகிறார், துணி எது என்று சொல்கிறார், விலையைப் பார்த்துச் சம்மதிக்கிறார், சாம்பிளைத் தொட்டுப் பார்க்கிறார், முன்பணம் அனுப்புகிறார், கடைசியில் மீதிப் பணம் கட்டிப் பார்சலை எடுத்துக்கொள்கிறார். ஆறு செயல்கள்.

ஆறை மூன்றாக்குவதற்கு எதையும் வெட்ட வேண்டாம். அவர் எத்தனை தடவை இந்த ஆர்டரின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது என்று எண்ணினால் போதும். டிசைன், எண்ணிக்கை, துணி, விலை ஆகிய நான்கும் ஒரே வாட்ஸ்அப் உரையாடலில் முடிகின்றன. அது ஒரு தடவை. சாம்பிள் கைக்கு வந்த அன்று, பிடித்திருக்கிறது என்று சொல்வதும் முன்பணம் அனுப்புவதும் சேர்ந்தே நடக்கின்றன. அது இரண்டாவது தடவை. சரக்கு தயார் என்ற செய்தி வந்ததும் மீதியைக் கட்டிப் பார்சலைப் பெறுவது மூன்றாவது. மூன்று படிகளும் கிடைத்துவிட்டன.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: யூனிட்டின் வேலைகளைத் தள்ளி வைத்து, கைமாற்றங்களை மட்டும் எடுத்து, ஒரே அமர்வில் நடப்பவற்றை ஒன்றாகச் சேர்த்தோம்.

## வரிகளை எழுதுதல்

ஒவ்வொரு படிக்கும் ஒரு தலைப்பும் அதன் கீழ் இரண்டு குட்டி வாக்கியங்களும் போதும். தலைப்பில் வாடிக்கையாளர் செய்ய வேண்டிய செயல் வர வேண்டும். கீழே, அதற்கு அவர் கையில் என்ன வைத்திருக்க வேண்டும், அவர் செய்தபின் யூனிட்டிடமிருந்து எப்போது என்ன திரும்ப வரும் என்பவை வர வேண்டும். நமது எடுத்துக்காட்டில் அது இப்படி அமையும்:

1. டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்
லோகோ படம், சைஸ் வாரியான எண்ணிக்கை, தேவைப்படும் தேதி ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். மறுநாள் விலை சொல்கிறோம்.

2. சாம்பிளைப் பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள்
ஒரு பீஸ் தைத்து 4 நாளில் அனுப்புகிறோம். பிடித்திருந்தால் பாதித் தொகை முன்பணம்.

3. பார்சலைப் பெற்றுக்கொள்ளுங்கள்
முன்பணம் வந்த 10 நாளில் சரக்கு தயார். மீதித் தொகை கட்டியதும் லாரி பார்சலில் ஏற்றிவிடுகிறோம்.

இதில் மூன்று நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ‘தேவைகளைத் தெரிவியுங்கள்’ என்று எழுதாமல் ‘லோகோ படம், சைஸ் வாரியான எண்ணிக்கை, தேவைப்படும் தேதி’ என்று பொருள்களைப் பெயர் சொல்லியே எழுதியிருப்பது. ‘100 டி-ஷர்ட் வேண்டும்’ என்று மட்டும் செய்தி வந்தால் யூனிட்டால் விலையும் சொல்ல முடியாது, துணியும் கணக்கிட முடியாது. எம் எத்தனை, எல் எத்தனை, எக்ஸ்எல் எத்தனை என்று திரும்பக் கேட்க வேண்டும். படியிலேயே அது எழுதப்பட்டிருந்தால், வருகிற முதல் செய்தியே முழுமையாக வரும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, பணம் எப்போது என்பதை மறைக்காமல் இருப்பது. பணத்தைப் பற்றி எழுதினால் வந்தவர் போய்விடுவார் என்று அஞ்சிப் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நான் இதை ஏற்பதில்லை. எழுதாமல் விட்ட முன்பணம், சாம்பிள் போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் முளைக்கும். அப்போது அது வாடிக்கையாளருக்கு நான்காவது படியாகத் தோன்றும், மூன்று படிகள் என்று சொன்ன வாக்கு பொய்யாகிவிடும்.

மூன்றாவது தமிழுக்கே உரியது. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. நோட்டமிடும் கண்ணோ வரியின் தொடக்கத்தைத்தான் முதலில் பிடிக்கிறது. ‘உங்கள் நிகழ்ச்சியின் அல்லது நிறுவனத்தின் லோகோவையும் சைஸ் விவரத்தையும் எங்களுக்கு வாட்ஸ்அப் மூலம் அனுப்புங்கள்’ என்று எழுதினால், கைபேசியில் அது மூன்று நான்கு வரிகளாக மடிந்து, ‘அனுப்புங்கள்’ என்ற முக்கியமான சொல் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தலைப்பை மூன்று நான்கு சொற்களுக்குள் நிறுத்தினால், எதை, என்ன செய்ய வேண்டும் ஆகிய இரண்டும் ஒரே பார்வையில் கண்ணில் படும். ‘பெறுதல்’, ‘உறுதிசெய்தல்’ போன்ற தொழிற்பெயர்களைத் தவிர்ப்பதற்கும் காரணம் இதுவே. யார் செய்ய வேண்டும் என்பதை அவை சொல்வதில்லை.

## விலக்கிய செய்திகள் எங்கே போகும்

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதைக் குறிக்கும் அளவு. 180 ஜிஎஸ்எம் துணி 140 ஜிஎஸ்எம் துணியைவிடக் கனமாக இருக்கும், விலையும் கூடும். இது பயனுள்ள செய்திதான். ஆனால் முதல் முறை வருபவர் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் செய்தி அனுப்ப முடியும் என்ற நிலை இல்லை. எனவே படிகளுக்குக் கீழே ‘துணி வகைகள்’ என்ற தனிப் பகுதியில் இதை விரிவாகச் சொல்லலாம். சாயம் போடும் லாட்டுக்கு லாட் நிறம் சற்று மாறக்கூடும், ஆகவே ஆறு மாதம் கழித்துக் கூடுதலாக 20 பீஸ் கேட்டால் பழைய நிறத்தோடு துல்லியமாக ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஆனால் ‘குறைந்தது 50 பீஸ்’ என்பது அப்படி ஒதுக்கக்கூடியதன்று. அது படியும் அன்று, விளக்கமும் அன்று, நுழைவு நிபந்தனை. பத்து பீஸ் தேவைப்படுபவர் மூன்று படிகளையும் படித்து, டிசைனை அனுப்பி, மறுநாள் ‘முடியாதுங்க’ என்ற பதிலைப் பெறுவது இருவருக்கும் நேர விரயம். ஆகையால் அது படிகளுக்கு மேலே, பகுதியின் தலைப்பை ஒட்டி, ஒற்றை வரியாக நிற்க வேண்டும்.

ஏற்றுமதி ஆர்டரும் எடுக்கும் யூனிட்டாக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். வெளிநாட்டு பையர், முதலில் லேப் டிப் கேட்பார். அதாவது, தாம் கேட்ட நிறம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காகச் சாயமிட்ட சிறு துணித்துண்டு. விழாவுக்கு டி-ஷர்ட் கேட்பவருக்கு அந்தப் பெயரே தெரியாது. இருவருக்கும் கைமாற்றங்கள் வேறு என்பதால், இருவரையும் ஒரே மூன்று படிகளுக்குள் அடக்க முயன்றால் இரண்டும் கெடும். இரண்டு தனித்தனிப் பகுதிகளாக எழுதுவதே நேர்மையான வழி.

## கைபேசியில் என்ன ஆகிறது

கணினித் திரையில் மூன்று படிகளும் பக்கம் பக்கமாக அழகாக நிற்கும். கைபேசியில் அவை ஒன்றன் கீழ் ஒன்றாக விழும். அப்போது அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. மேல் வரிசையில் மூன்று படங்களையும் கீழ் வரிசையில் மூன்று எழுத்துப் பகுதிகளையும் வைத்து வடிவமைத்திருந்தால், கைபேசியில் மூன்று படங்களும் முதலில் அடுக்காக வந்து, அதன் பிறகுதான் எழுத்துகள் வரும்; எந்தப் படம் எந்தப் படிக்கு என்பதே தெரியாது. ஒவ்வொரு படியின் எண், தலைப்பு, வரி ஆகியவற்றை ஒரே கட்டத்துக்குள் வைத்தால் இது நேராது. எண்ணைப் படத்துக்குள் வரையாமல் எழுத்தாகவே போடுவது நல்லது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், படத்துக்குள் இருக்கும் எண்ணைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடும்.

பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும்படி படிகளை வைப்பதையும் தவிர்க்க வேண்டும். முதல் படி மட்டும் தெரிய, மற்ற இரண்டும் மறைந்திருந்தால், ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்ற நோக்கமே போய்விடுகிறது.

## எழுதியது புரிகிறதா என்று சோதித்தல்

இதற்கு ஐந்து வினாடிச் சோதனை என்று ஒரு முறை இருக்கிறது. அந்தத் தொழிலைப் பற்றி அறியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ஐந்து வினாடி பார்க்கச் சொல்லி, திரும்ப வாங்கிக்கொண்டு, ‘முதலில் என்ன செய்ய வேண்டும்? பணம் எப்போது? பொருள் எப்போது வரும்?’ என்று கேட்பதுதான் அது. முதல் கேள்விக்குச் சரியான பதில் வந்தால் தலைப்புகள் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் ஐந்து வினாடியில் பதில் வராமல் போகலாம். கைபேசியைத் திரும்பக் கொடுத்து, தேடி எடுக்கச் சொன்னால் உடனே விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. நம் ஊரில் அதற்கு மரியாதைக்காகவாவது ‘புரிஞ்சதுங்க’ என்றுதான் பதில் வரும்.

மேலே எழுதிய மூன்று படிகளையே, பள்ளி விளையாட்டு விழாவுக்கு டி-ஷர்ட் வாங்கும் பொறுப்பில் இருந்த ஓர் உடற்கல்வி ஆசிரியரிடம் நான் காட்டினேன். மூன்று கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொன்னார். பிறகு, இரண்டாவது படியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ‘ஏனுங்க, இந்தச் சாம்பிளுக்குத் தனியாக் காசுங்களா? பிடிக்கலைன்னா அது யார் கணக்குங்க?’ என்று கேட்டார். இப்படி வரும் எதிர்க்கேள்விதான் இந்தச் சோதனையின் மிகப் பெரிய பயன். வரிகள் தெளிவாக இருந்ததால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே எழுந்தது. குழப்பமாக இருந்திருந்தால் பேசாமல் கைபேசியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

அவர் கேட்டது பணம் கைமாறும் இடத்தைப் பற்றியது. ஆகவே அது துணி விவரம்போலக் கீழே போகக் கூடாது, படிக்குள்ளேயே வர வேண்டும். இரண்டாவது படியின் முதல் வரி, ‘ஒரு பீஸ் தைத்து 4 நாளில் அனுப்புகிறோம், சாம்பிளுக்கு 300 ரூபாய், ஆர்டர் கொடுத்தால் கழித்துக்கொள்வோம்’ என்று மாறியது. வரி சற்று நீண்டது உண்மைதான். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் குறைக்கும் நீளம் குறையாகாது.

தொலைபேசியை எடுப்பவரிடமும் ஒரு நோட்டு இருக்கட்டும். புதிதாக அழைப்பவர்கள் கேட்கும் கேள்விகளை அவர் அப்படியே எழுதி வந்தால், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது தெரியும். ‘டிசைன் நீங்களே போட்டுத் தருவீங்களா?’ என்று பலரும் கேட்டால், முதல் படியில் லோகோ இல்லாதவருக்கு வழி சொல்லப்படவில்லை என்று பொருள், ‘லோகோ இல்லையா? எழுத வேண்டிய வாசகத்தை மட்டும் அனுப்புங்கள்’ என்ற ஒரு வரி அந்த இடத்தை அடைத்துவிடும்.

## மூன்று பொருந்தாத இடம்

சில வேலைகளில் கைமாற்றங்கள் உண்மையிலேயே நான்கு இருக்கும். டி-ஷர்ட்டிலேயே, ஒவ்வொருவர் பெயரையும் முதுகில் அச்சிட வேண்டும் என்றால், பெயர்ப் பட்டியலை யூனிட் தட்டச்சு செய்து அனுப்ப, வாடிக்கையாளர் எழுத்துப்பிழை பார்த்துத் திருப்பித் தர வேண்டும். அதற்கென்று அவர் தனியாக ஒரு முறை உட்கார வேண்டும். அங்கே நான்கு படிகள் எழுதுவதே முறை. மூன்றுதான் வேண்டும் என்று அதை இரண்டாவது படிக்குள் திணித்தால், அச்சாகி வந்த பிறகு ‘செந்தில்’ ‘செந்தல்’ ஆகியிருப்பதைப் பார்த்து யார் பொறுப்பு என்று சண்டை வரும்.

நாள்கணக்கும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி நிற்பதில்லை. தீபாவளி, பொங்கல் சமயங்களில் தொழிலாளர்கள் சொந்த ஊர் போய்விடுவதால் திருப்பூர் யூனிட்டுகள் பல நாள்கள் மூடியிருக்கும். திரும்பி எல்லோரும் வந்து வேலை சூடுபிடிக்க இன்னும் சில நாள்கள் ஆகும். அப்போது மூன்றாவது படியில் ‘10 நாளில்’ என்ற எழுத்து அப்படியே நின்றால், அதை நம்பித் தை மாத விழாவுக்குத் தேதி குறித்தவர் ஏமாந்துபோவார். பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே அந்த இடத்தில், எந்தத் தேதிக்கு முன் சம்மதம் சொன்னால் பண்டிகைக்கு முன் சரக்கு கிடைக்கும், தவறினால் எந்தத் தேதிக்குப் பிறகு கிடைக்கும் என்று இரண்டு தேதிகளையும் போட்டுவிட வேண்டும். யூனிட் திரும்ப முழுவேகத்தில் ஓடத் தொடங்கிய அன்றே, பழைய வரியை மீண்டும் ஏற்றும் பொறுப்பை யாரேனும் ஒருவர் பெயரில் எழுதி வைப்பது நல்லது.